97 சதவீதம் சரி, எந்தக் கட்டத்தில்?

பில்லை ஸ்கேன் செய்து போட்டால் போதும், விவரங்களைத் தானே படித்துக் கணக்கில் ஏற்றிவிடும் மென்பொருள்கள் இன்று சிறு நிறுவனங்களின் கணக்குப் பிரிவு வரை வந்துவிட்டன. விற்க வருபவர் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒரே ஒரு எண்தான்: “எங்கள் மாடல் 97 சதவீதம் சரியாகப் படிக்கும்.” அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி யாரும் முடிவெடுக்கக் கூடாது. ஏன் என்பதை ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூர் மில்லிலிருந்து நூல், குஜராத்திலிருந்து சாயப் பொருள், உள்ளூர் யூனிட்டிலிருந்து பிரிண்டிங், அட்டைப்பெட்டி, லாரி வாடகை என்று மாதம் முழுக்க பில்கள் வந்து குவியும். ஒவ்வொரு பில்லிலிருந்தும் எட்டு விவரங்கள் வேண்டும்: விற்றவரின் ஜி.எஸ்.டி. எண், பில் எண், தேதி, வரிக்கு முந்தைய மதிப்பு, சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி., ஐ.ஜி.எஸ்.டி., மொத்தத் தொகை. மாடலைச் சோதிக்க 200 பில்களை எடுக்கிறார்கள். அந்த எட்டு கட்டங்களிலும் வர வேண்டிய சரியான விடையை மனிதர்கள் முன்கூட்டியே எழுதி வைக்கிறார்கள். பிறகு மாடல் எழுதியதை அதோடு ஒப்பிடுகிறார்கள்.

சோதனையின் தரம் இந்த விடைத்தாளின் தரத்தைத் தாண்டாது. ஒரே பில்லில் ஆர்டர் தேதி, பில் தேதி, சரக்கு அனுப்பிய தேதி என்று மூன்று தேதிகள் இருக்கலாம். மொத்தம் 1,17,999.60 என்று ஒரு வரியிலும், பைசாவைச் சரிக்கட்டி 1,18,000 என்று அடுத்த வரியிலும் இருக்கும். விற்றவரின் ஜி.எஸ்.டி. எண் மேலே இருக்கும். வாங்குபவரின் எண் கீழே அதே 15 எழுத்துகளில் நிற்கும். எதை எடுப்பது என்ற விதியை முதலிலேயே எழுதிவைக்காவிட்டால், விடை எழுதும் இருவர் இரு விதமாக எழுதுவார்கள். அப்புறம் மாடல் தவறியதா, விடைத்தாள் தவறியதா என்று தெரியாமல் போய்விடும்.

அதனால் அனுபவம் உள்ளவர்கள் ஒரே பில்லை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து விடை எழுதச் சொல்வார்கள். இருவரும் மாறுபடும் இடத்தை மூன்றாமவர் பில்லைப் பார்த்துத் தீர்த்துவைப்பார். வேலையைச் சுருக்க, மாடல் எழுதியதையே கையில் கொடுத்து “தப்பு இருந்தால் திருத்துங்கள்” என்று சொல்லும் பழக்கமும் உண்டு. அது ஆபத்தான குறுக்குவழி. கண்ணுக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு விடை இருந்தால் கை அதையே ஏற்றுக்கொள்ளும். மாடலின் பிழை அப்படியே விடைத்தாளில் ஏறி, பிறகு ‘சரி’ என்று எண்ணப்படும்.

அடுத்தது ஒப்பிடும் முறை. பில்லில் ₹1,18,000.00 என்று இருப்பதை மாடல் 118000 என்று எழுதினால் அது பிழையல்ல. 05-04-2025 என்பதை 2025-04-05 என்று எழுதினாலும் பிழையல்ல. காற்புள்ளி, ரூபாய்க் குறி, தேதி வரிசை ஆகியவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். ஆனால் இந்தத் தாராளத்துக்கு ஒரு எல்லை வேண்டும். ஏப்ரல் 5-ஐ மே 4 என்று படித்திருந்தால் அது முழுத் தவறு. ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்து எழுத்துகள் பான் எண், கடைசி எழுத்து முந்தைய பதினான்கையும் வைத்துக் கணக்கிடப்படும் சரிபார்ப்புக் குறி. பதினைந்தில் பதினான்கு சரி என்பதற்காக அரை மதிப்பெண் தர இடமில்லை. தவறிய எண் யாருக்கும் உரியதல்ல, அல்லது வேறொருவருக்கு உரியது.

மிகவும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டிய கட்டம் பில் எண். ஜி.எஸ்.டி. விதிப்படி அது 16 எழுத்துகளுக்கு மிகக் கூடாது. எழுத்து, எண், சிறு கோடு, சாய்கோடு எல்லாம் வரலாம். அந்தக் கோடுகளும் எண்ணின் உறுப்புகள்தான். `SB/0047/25-26` என்பதை மாடல் `SB/0047` என்று பாதியில் நிறுத்தலாம். `58/0047/25-26` என்று S, B இரண்டையும் இலக்கங்களாகப் படிக்கலாம். கோடுகளையும் சுழியங்களையும் நீக்கிவிட்டு ஒப்பிடும் சோதனையாளருக்குப் பிழைகள் குறைந்ததுபோலத் தெரியும். கணக்காளருக்கோ அந்த பில் வரித்துறை தளத்தில் வரும் ஜி.எஸ்.டி.ஆர். 2பி பட்டியலோடு பொருந்தாமல் நிற்கும். உள்ளீட்டு வரியைச் சரிபார்க்க அந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறோம். விற்றவரின் எண்ணையும் பில் எண்ணையும் வைத்துத்தான் அங்கே பொருத்துகிறோம்.

இனி முடிவுக்கு வருவோம். 200 பில், எட்டு கட்டம், மொத்தம் 1,600 விடைகள். நம் கற்பனைச் சோதனையில் 48 தவறுகள் என்று வைத்துக்கொள்வோம். 97 சதவீதம் சரி; விற்பவர் சொன்ன அதே எண். இப்போது கட்டம் கட்டமாகப் பிரித்துப் பாருங்கள். மொத்தத் தொகையில் ஒரே ஒரு தவறு. வரிக்கு முந்தைய மதிப்பு, சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. மூன்றிலும் இரண்டிரண்டு. தேதியில் ஐந்து, ஜி.எஸ்.டி. எண்ணில் ஆறு. ஐ.ஜி.எஸ்.டி.யில் 12. பில் எண்ணில் 18. அதாவது பில் எண் கட்டத்தின் மதிப்பெண் 91 சதவீதம்தான். எளிதான கட்டங்கள் கடினமான கட்டத்தைத் தூக்கிப் பிடித்ததால் வந்தது அந்த 97.

ஐ.ஜி.எஸ்.டி. கட்டத்துக்குள் இன்னும் ஆழமாகப் போக வேண்டும். 200-ல் 12 தவறு என்றால் 94 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாநிலத்துக்குள் வாங்கும் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. கிடையாது. இந்த 200-ல் 170 பில்கள் தமிழ்நாட்டுக்குள் வாங்கியவை. அவற்றில் அந்தக் கட்டம் காலியாக இருப்பதே சரியான விடை. ஒன்றையும் படிக்காமல் எல்லா பில்லுக்கும் ‘காலி’ என்று எழுதும் மாடல்கூட இங்கே 85 சதவீதம் வாங்கிவிடும்.

உண்மையான சோதனை மீதி 30 பில்களில்தான் இருக்கிறது. அவற்றில் மாடல் 22-ஐச் சரியாக எழுதியது. இரண்டில் தொகையை மாற்றிப் படித்தது. ஆறில் ஒன்றுமே எழுதவில்லை. இதுபோக, ஐ.ஜி.எஸ்.டி. இல்லாத நான்கு பில்களில் ‘மொத்த வரி’ என்ற வரியில் இருந்த தொகையைக் கொண்டுவந்து இந்தக் கட்டத்தில் போட்டுவிட்டது. இப்போது இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். பில்லில் இருந்ததில் எவ்வளவைச் சரியாகப் பிடித்தது? 30-ல் 22, அதாவது 73 சதவீதம். துறையில் இதை ரீகால் என்பார்கள். மாடல் எழுதித் தந்ததில் எவ்வளவு சரி? அது 28 இடங்களில் எழுதியது, அவற்றில் 22 சரி, 79 சதவீதம். இது பிரிசிஷன். வெளிமாநிலச் சரக்கு வாங்கும் கம்பெனிக்குத் தேவையான எண்கள் இவை இரண்டும்தான். 94 என்ற எண்ணில் இவை வெளியே தெரியவே தெரியாது.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. காலியாக விட்ட கட்டம் கண்ணில் படும். யாராவது பில்லை எடுத்துப் பார்த்து நிரப்புவார்கள். தவறாக நிரப்பிய கட்டம் சரியானதைப் போலவே தெரியும். அப்படியே கணக்கில் ஏறிவிடும். ஆகவே தவறுப் பட்டியலில் ‘விட்டது’, ‘மாற்றி எழுதியது’, ‘இல்லாததை எழுதியது’ என்று மூன்று பத்திகள் தனித்தனியே இருக்க வேண்டும்.

இன்னொரு எண்ணும் தேவை: எட்டு கட்டமும் சரியாக இருந்த பில்கள் எத்தனை? ஒரு கட்டம் தவறினாலும் அந்த பில்லை மனிதர் தொட்டாக வேண்டும். 48 தவறுகளும் 31 பில்களுக்குள் அடங்கின என்று வைத்தால், 169 பில்கள் முழுச் சரி; 84.5 சதவீதம். கணக்குப் பிரிவில் எவ்வளவு வேலை குறையும் என்பதை 97-ஐவிட இந்த எண்தான் நெருக்கமாகச் சொல்லும். தவறுகள் ஒரே பில்லில் குவிகின்றனவா, பரவிக் கிடக்கின்றனவா என்பதைப் பொறுத்து இது மாறும். அதனால் ஊகிக்காமல் நேரடியாக எண்ணியே எழுத வேண்டும்.

எண்ணி முடித்த பிறகும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. 200 பில்களில் கிடைத்த 91 சதவீதம், உண்மையில் 86 முதல் 94 வரை எங்கும் இருக்கலாம் என்கிறது புள்ளியியல். 30 பில்களில் கிடைத்த 73 சதவீதத்துக்கு அந்த வீச்சு 56 முதல் 86 வரை விரிகிறது. இவ்வளவு அகலமான வீச்சை வைத்து, 73 வாங்கிய மாடலைவிட 77 வாங்கியது மேல் என்று சொல்ல முடியாது. வெளிமாநில பில்களைத் தேடிச் சேர்த்து அந்த 30-ஐ 150 ஆக்குவதுதான் வழி. அப்படிச் சேர்த்தால் மொத்தச் சதவீதத்தை நம் கம்பெனியின் நிலவரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டம் வாரியான எண்ணை மட்டும் படிக்க வேண்டும்.

பில்களைப் பொறுக்கும் முறையும் முடிவை மாற்றும். 200-ல் 120 பில்கள் ஒரே மில்லுடையவை என்றால், மாடல் தேறியது அந்த மில்லின் அச்சு அமைப்பில் மட்டும்தான். மாடலுக்குப் பயிற்சி தந்தபோது காட்டிய விற்பனையாளர்களின் பில்களையே சோதனைக்கும் வைத்தால் மதிப்பெண் கூடும். புது விற்பனையாளர் வந்த அன்று சரியும். ஆகவே பயிற்சியில் இல்லாத விற்பனையாளர்கள், மங்கிய கார்பன் நகல், செல்போனில் கோணலாக எடுத்த படம், இரண்டு பக்க பில் எல்லாமே தொகுப்பில் இடம்பெற வேண்டும். உலக அளவில் பெயர் பெற்ற பொதுச் சோதனைகளில் கிடைத்த மதிப்பெண்ணும் இங்கே உதவாது. 2019-ல் ஐ.சி.டி.ஏ.ஆர். மாநாட்டுக்காக நடந்த எஸ்.ஆர்.ஓ.ஐ.இ. போட்டியில் 1,000 ரசீதுகள் இருந்தன. கேட்ட விவரங்கள் கடைப் பெயர், தேதி, முகவரி, மொத்தம் என்ற நான்கு மட்டுமே. நம் பில்லில் இடறும் பில் எண்ணும் வரிக் கட்டங்களும் அங்கே கேட்கப்படவே இல்லை.

இப்படி ஒரு மென்பொருளை வாங்கப் போகிறவர்கள் உங்கள் அலுவலகக் கோப்பிலிருந்தே 200 பில்களை எடுத்து, இரண்டு பேரைத் தனித்தனியாக விடை எழுத வையுங்கள். அந்த விடைகளை விற்பவரிடம் காட்டாமல், பில்களை மட்டும் கொடுத்து மாடல் தரும் முடிவை வாங்குங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் விட்டது எத்தனை, மாற்றி எழுதியது எத்தனை, இல்லாததை எழுதியது எத்தனை, முழுச் சரியான பில்கள் எத்தனை என்ற அட்டவணை கையில் இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.