நனைந்த உடம்பும் தடுமாறும் சொல்லும்

ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டி நண்பகற் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் வந்து நிற்கிறது. வெயில் கடுமையாக இருந்தாலும் நகரின் வெப்பமானி பெரும்பாலும் 31 அல்லது 32 பாகை செல்சியஸைத்தான் காட்டும் என்பதால், 40 பாகையைத் தாண்டும் வட இந்திய ஊர்களோடு ஒப்பிட்டு இங்குள்ள வெயில் தாங்கக்கூடியதே என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். இந்தக் கணக்கு ஈரப்பதனை மறந்து போடப்படுவது. உழைக்கும் உடல் தன் சூட்டை இறக்கிவைக்கும் முதன்மையான வழி வியர்வை. ஆனால் வியர்ப்பதால் உடல் குளிர்வதில்லை, வியர்வை ஆவியாகிப் போகும்போதே குளிர்கிறது. கடற்கரை நகரத்தின் காற்று ஏற்கெனவே நீராவியைச் சுமந்து நிற்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாகிறது. 32 பாகை வெப்பநிலையோடு 70 வீத ஈரப்பதன் சேரும்போது மனித உடல் உணரும் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை ஆகிவிடுகிறது. வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் வெப்பச் சுட்டெண் அறிவித்தல்கள் குறிப்பது இந்த உணரும் வெப்பத்தையே.

கொட்டாஞ்சேனையை அடுத்த பழைய சோனகத் தெருவில் மூட்டை சுமக்கும் நாட்டாமிகளும், வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே எழும் மாடிக் கட்டடங்களில் கொங்கிரீட் தாச்சி தூக்குவோரும் இந்தக் காற்றுக்குள்தான் உழைக்கின்றனர். வெயிலில் இவர்களுக்கு நேரும் தீங்குகளுள் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று வெப்பத் தளர்ச்சி. மற்றையது மருத்துவர்கள் ஹீட் ஸ்ட்ரோக் என்று சொல்லும் வெப்பத்தாக்கு. பின்னதை வெப்பப் பக்கவாதம் என்று எழுதுவோரும் உண்டு. கை கால் விழுந்துபோகும் பக்கவாதத்தோடு அதற்குத் தொடர்பில்லாததால் அந்தப் பெயர் வாசகரைத் தவறான இடத்துக்கு இட்டுச்செல்கிறது.

தட்டுக் கொங்கிரீட் போடும் ஒரு நாளைக் கற்பனை செய்துகொண்டால் இரண்டின் வேறுபாடும் தெளிவாகும். கலவை இறுகுமுன் வேலை முடியவேண்டும் என்பதால் அன்று ஓய்வு குறைவு. பதினொரு மணியளவில் ஒருவருக்குத் தலையிடி, குமட்டல், கெண்டைக்காலில் பிடிப்பு. முகம் வெளிறி, சட்டை பிழியலாம் என்ற அளவுக்கு வியர்த்து, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. ஆனாலும் எங்கே நிற்கிறார், காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் சோர்வோடு சரியாகவே பதில் சொல்கிறார். இது வெப்பத் தளர்ச்சி. சூட்டை வெளியேற்றத் தோலுக்கும், வேலை செய்யத் தசைக்கும் ஒரே நேரத்தில் குருதி தேவைப்படுகையில், வியர்வையோடு நீரும் உப்பும் போய்க் குருதியின் அளவு குறைந்துவிடுவதால், இதயம் இரு பக்கமும் ஈடுகொடுக்க முடியாமல் உடல் தானாகவே வேலையை நிறுத்தச் சொல்கிறது.

இவருக்குத் தேவை நிழல், ஓய்வு, நீர், உப்பு. சப்பாத்தையும் தலைக்கவசத்தையும் கழற்றி, கால்களைச் சற்று உயர்த்திப் படுக்கவைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே, ஜீவனிப் பொட்டலம் ஒன்றை அதில் குறித்தபடி ஒரு லீற்றர் நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்கவேண்டும். செவ்விளநீர் நல்ல பானமே. ஆயினும் அதில் பொட்டாசியம் மிகுதி, வியர்வையில் இழந்த சோடியமோ குறைவு என்பதால் அதனை மட்டும் நம்ப இயலாது. அரை மணி நேரத்தில் தெளிச்சி வராவிட்டாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாகிவிட்டாலோ வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். தெளிந்துவிட்டாலும் அன்று அவர் மீண்டும் தட்டின்மேல் ஏறக்கூடாது.

அதே தட்டில் இன்னொருவர் சற்று நேரமாகப் பொருத்தமில்லாமல் பேசிக்கொண்டிருக்கிறார். நடை தள்ளாடுகிறது, பிடிக்க வருபவரின் கையைக் கோபத்தோடு தட்டிவிடுகிறார், பெயர் கேட்டால் வேறெதையோ சொல்கிறார். குடித்திருக்கிறார் என்றோ, வலிப்பு வந்தால் அது பழைய நோய் என்றோ உடனிருப்போர் நினைத்துவிடுவது இந்த இடத்தில்தான் நடக்கிறது. உள்வெப்பம் 40 பாகையைக் கடந்து மூளை தடுமாறத் தொடங்கியிருப்பதே வெப்பத்தாக்கு. வெப்பத்தாக்கு வந்தால் தோல் காய்ந்து வறண்டிருக்கும் என்ற பழைய பாடம், அடைத்த அறைக்குள் நாட்கணக்கில் வெக்கையில் கிடந்து நோயுறும் முதியோரைப் பார்த்து எழுதப்பட்டது. உழைப்பின் நடுவே சாய்பவருக்கு உடம்பு பெரும்பாலும் நனைந்தே இருக்கும். எனவே பார்க்கவேண்டியது வியர்வையை அன்று, பேச்சையும் நடத்தையையும்தான். அக்குளில் வைக்கும் வெப்பமானியும் ஏமாற்றும்: நனைந்த தோலில் அது 38 என்று காட்டும்போது உள்ளே 41 இருக்கக்கூடும்.

இந்த நிலையில் நேரமே மருந்து. உள்வெப்பம் 40 பாகைக்கு மேல் நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஈரலையும் சிறுநீரகத்தையும் குருதி உறையும் ஒழுங்கையும் கெடுத்துக்கொண்டே போகும் என்பதால், சாய்ந்து அரை மணி நேரத்துக்குள் அதனை 39 பாகையளவுக்கு இறக்கிவிடவேண்டும். காலி வீதி நெரிசலில் முச்சக்கர வண்டியில் ஏற்றி ஓடினால் அந்த அரை மணி நேரம் வழியிலேயே கரைந்துபோகும். ஆகவே ஒருவர் 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழைக்க, மற்றவர்கள் அந்த இடத்திலேயே குளிரூட்டத் தொடங்கவேண்டும். முதலில் குளிர்வித்தல், பிறகே கொண்டுபோதல். அமெரிக்காவின் ஃபால்மவுத் ஓட்டப்போட்டியில் 18 ஆண்டுகளில் வெப்பத்தாக்குக்கு ஆளான 274 பேரையும் அவ்விடத்திலேயே பனிநீர்த் தொட்டிகளில் அமிழ்த்தியதால் ஒருவர்கூட இறக்கவில்லை.

கட்டட வேலைத்தளத்தில் தொட்டி இராது, தறப்பாள் இருக்கும். அதை விரித்து அவரை நடுவில் கிடத்தி, நாலைந்து பேர் விளிம்புகளை உயர்த்திப் பிடித்துத் தலையும் முகமும் நீருக்கு மேலே இருக்குமாறு பார்த்துக்கொண்டு, வாளி வாளியாகத் தண்ணீரும் மீன்கடையில் கிடைக்கும் ஐஸும் கொட்டி, நீர் உடம்பெங்கும் அலசுமாறு தறப்பாளை ஆட்டிக்கொண்டிருக்கவேண்டும். இவ்வாறு ஐஸ் சேர்த்துச் செய்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.15 பாகை இறங்கும்; 41.5 பாகையில் இருப்பவர் 39-ஐ அடையப் பதினேழு நிமிடமளவு ஆகும். ஐஸ் இல்லாவிட்டாலும் குழாய்த் தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருப்பது சும்மா இருப்பதைவிட எவ்வளவோ மேல். ஈரத்துணியை நெற்றியில் வைத்து விசிறுவது மட்டும் கொழும்பின் ஈரக் காற்றில் போதாது. நினைவு தடுமாறியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பரசிட்டமோலும் பயன்படாது: காய்ச்சலில் மூளை தானே உயர்த்திவைத்த அளவைத்தான் அம்மருந்து இறக்கும், இங்கே உயர்ந்திருப்பது அந்த அளவு அன்று, வெளியேற வழியில்லாத சூடு.

மலையகத்திலிருந்து வரும் தொழிலாளர் குறித்துத் தனியே சொல்லவேண்டிய ஒன்று உண்டு. வெயிலில் நாள்தோறும் உழைக்கையில் உடல் ஒன்றிரண்டு வாரங்களில் அதற்குப் பழகிக்கொள்கிறது: விரைவாகவும் கூடுதலாகவும் வியர்க்கிறது, வியர்வையில் உப்பைச் சிக்கனப்படுத்துகிறது, குருதியின் அளவு பெருகுகிறது. விலகியிருந்தால் ஓரிரு வாரத்தில் இந்தப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க பகுதி கழன்றுவிடும். சித்திரைப் புத்தாண்டுக்கு ஹற்றனுக்கோ நுவரெலியாவுக்கோ போய் அங்குள்ள குளிரில் பத்துப் பன்னிரண்டு நாள் தங்கித் திரும்புபவர், ஊரில் விட்டுவந்தது அந்தப் பழக்கத்தையும் என்பதை அறியாமல், தவறவிட்ட நாட்சம்பளத்தை ஈடுசெய்ய முதல் நாளிலேயே முழு மூச்சாக இறங்குகிறார். வெயில் வேலை மரணங்களுள் பெரும்பாலானவை வேலையின் முதற்சில நாட்களுக்குள் நேர்வதாக அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆவணங்கள் கூறுகின்றன. திரும்பி வருபவருக்கு முதல் நாள் வெயிலில் பாதி வேலை, இரண்டாம் நாள் 60 வீதம், மூன்றாம் நாள் 80, நான்காம் நாள் முழு வேலை என்பதும், முற்றிலும் புதியவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் என்பதும் அங்கு பரிந்துரைக்கப்படும் ஒழுங்கு. கட்டாரில் 2021 முதல் ஜூன் 1 தொடக்கம் செப்ரெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலை தடைசெய்யப்பட்டிருப்பதை அங்கு உழைத்துத் திரும்பிய இலங்கையர் பலர் அறிவர். வெள்ளவத்தைத் தட்டில் கலவை ஊற்றும் நேரத்தை அதிகாலைக்கு மாற்றுவதும், புத்தாண்டு முடிந்து வந்தவரை முதல் மூன்று நாள் நிழலுள்ள கீழ்த்தள வேலைக்கு அனுப்புவதும் மேற்பார்வையாளர் ஒருவரின் கைக்குள் இருப்பவையே. அவருக்கு அன்றாடம் தேவைப்படுவது தொழிலாளர் ஒவ்வொருவரும் எந்த நாளில் ஊரிலிருந்து வந்தார் என்று குறித்துவைத்த ஒரு கொப்பி.