சாவிக்கொத்து வில்லை பேசாமல் போனால்

சாவிக்கொத்தில் தொங்கும் ஏர்டேக் ஒலி எழுப்பவில்லை, வரைபடத்திலும் பழைய இடத்தையே காட்டுகிறது என்றால் முதலில் பேட்டரியைச் சந்தேகியுங்கள். அது ஓராண்டுக்குச் சற்று மேல் உழைக்கும்.

பளபளக்கும் எஃகு மூடியை இரு கட்டைவிரல்களாலும் அழுத்தி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் கழன்றுவரும். உள்ளே இருப்பது CR2032 என்ற காசு வடிவ பேட்டரி. புதியதை + குறி மேலே தெரியும்படி வைத்தால் உடனே ஒரு ஒலி கேட்க வேண்டும். கேட்டால் மூடியைப் பொருத்தி, கடிகார முள்ளின் திசையில் நிற்கும்வரை திருப்புங்கள்.

புது பேட்டரி போட்டும் ஒலி இல்லையா? பலர் இங்கேதான் கருவியே பழுது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குழந்தைகள் விழுங்காதிருக்கச் சில நிறுவனங்கள் பேட்டரியின் மேல் கசப்புப் பூச்சு தடவுகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பூச்சு தொடுமுனையில் படும் இடத்தில் இருந்தால் மின்சாரம் பாயாது. பூச்சில்லாத CR2032 ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

பேட்டரி மாற்றியதும் மறுபடி இணைக்க வேண்டியதில்லை. அது உங்கள் கணக்கிலேயே இருக்கும். போனுக்கு அருகே வைத்து, ப்ளூடூத் இயங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். புதிதாக இணைத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் Find My செயலியிலிருந்து அதை நீக்குங்கள். பிறகு பேட்டரியை எடுத்து, திரும்ப வைத்து, ஒலி கேட்கும்வரை அழுத்துங்கள். இதை மேலும் நான்கு முறை செய்தால், ஐந்தாவது ஒலி மாறிக் கேட்கும். செயலியிலிருந்து நீக்காமல் இதைச் செய்தால் பழைய கணக்கின் பூட்டு விலகாது.