வளைகோடு சரியும் இடம்

பள்ளி உயிரியல் புத்தகங்களில் நொதிகளைப் பற்றிய பாடத்தில் இரண்டு வரைபடங்கள் தவறாமல் இருக்கும். ஒன்றில் கீழே வெப்பநிலை, இன்னொன்றில் கீழே பி.எச். அளவு. இரண்டிலும் கோடு ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, இறங்கிவிடும். ஏன் இறங்குகிறது என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் மாணவர்கள் எழுதுகிறார்கள்: நொதி இயல்பிழந்துவிட்டது. மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்தப் பதில் பாதி உண்மைதான். இரண்டு சரிவுகளும் பார்க்க ஒன்று போலிருந்தாலும் உள்ளே நடப்பது வேறு வேறு.

இதைப் பார்க்க எல்லோர் வாயிலும் இருக்கும் ஒரு நொதியையே எடுத்துக்கொள்ளலாம். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ், சோற்றிலும் கிழங்கிலும் உள்ள ஸ்டார்ச்சைச் சிறு சர்க்கரைத் துண்டுகளாக வெட்டுகிறது. ஆய்வகச் சோதனை எளிமையானது. ஒரு சதவீத ஸ்டார்ச் கரைசலில் துளி உப்பு சேர்க்க வேண்டும், ஏனென்றால் இந்த நொதிக்குக் குளோரைடு தேவை. அதில் நீர்த்த உமிழ்நீரை ஊற்றி, அரை நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சொட்டு எடுத்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் காத்திருக்கும் அயோடின் சொட்டோடு சேர்க்க வேண்டும். முதலில் கருநீலம் வரும். ஸ்டார்ச் சிதையச் சிதைய ஊதாவாகி, செம்பழுப்பாகி, கடைசியில் அயோடினின் சொந்த மஞ்சள் நிறம் மட்டும் நிற்கும். அதற்கு எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொண்டு, ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். வெவ்வேறு வெப்பநிலைகளில் இதைச் செய்து புள்ளிகளை இணைத்தால் முதல் வரைபடம் தயார்.

கோடு முதலில் ஏறுவதற்குக் காரணம், மூலக்கூறுகள் வேகமாக ஓடி அதிகம் மோதுகின்றன என்பதுதான் என்று பல புத்தகங்கள் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. கணக்குப் போட்டால் அது போதாது. 27 டிகிரியிலிருந்து 37 டிகிரிக்குப் போகும்போது மூலக்கூறுகளின் சராசரி ஆற்றல் கூடுவது மூன்று சதவீதம் அளவுக்குத்தான். வேகமோ ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வினை நடக்க ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். சராசரி சிறிதளவே கூடினாலும், அந்த எல்லையைத் தாண்டும் மூலக்கூறுகளின் பங்கு வெகுவாகக் கூடிவிடுகிறது.

சரிவுக்கும் இதே கணக்குதான் காரணம். அமைலேஸ் என்பது 496 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி. அது குறிப்பிட்ட வடிவில் மடிந்திருக்கிறது. அந்த மடிப்பில் உண்டாகும் ஒரு பள்ளம்தான் கிளர்வு மையம். ஸ்டார்ச் அங்கே வந்து பொருந்துகிறது. மடிப்பைப் பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள், எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பு, எண்ணெய்த் தன்மையுள்ள பகுதிகள் தண்ணீரை விட்டு உள்ளே ஒதுங்குவது போன்றவை. இவை ஒவ்வொன்றும் பலவீனமானவை, சேர்ந்திருப்பதால்தான் நிற்கின்றன. சங்கிலியின் ஒரு பகுதி தளர்ந்தால் பக்கத்துப் பகுதிக்குப் பிடிமானம் போகும், அதுவும் தளரும். வேக வைத்த முட்டையின் வெள்ளைக்கருவில் நம் கண்ணுக்குத் தெரிவது இதுதான். அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கட்டியாகிவிடுகின்றன, ஆறவைத்தாலும் திரும்பி வருவதில்லை. இங்கே ஒரு தவறான பதிலையும் சொல்லிவிட வேண்டும். அமினோ அமிலங்களைக் கோத்திருக்கும் பெப்டைடு பிணைப்புகள் இதில் அறுவதில்லை. கோத்த வரிசை அப்படியே இருக்கிறது, மடிப்புதான் போகிறது.

ஸ்டார்ச்சை வெட்டத் தேவைப்படும் ஆற்றல் எல்லை சிறியது. மடிப்பு அவிழ வேண்டுமானால் பல பிணைப்புகள் சேர்ந்து தளர வேண்டும், எனவே அந்த எல்லை மிக உயரமானது. எல்லை உயர உயர, வெப்பத்தால் அதன் வேகம் கூடும் விகிதமும் கூடும். 10 டிகிரி ஏறினால் வெட்டும் வேலை இரண்டு மடங்காகும், அவிழும் வேகமோ பல புரதங்களில் முப்பது நாற்பது மடங்குகூட ஆகலாம். ஏற்றம் சாய்வாகவும் இறக்கம் செங்குத்தாகவும் இருப்பதற்கு இந்த ஏற்றத்தாழ்வே காரணம்.

ஆக, ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஒரு பந்தயம் நடக்கிறது. நொதி வேகமாக வேலை செய்துகொண்டே தானும் அழிந்துகொண்டிருக்கிறது. கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். 40 டிகிரியில் நொதி நிமிடத்துக்கு 10 அலகு வேலை செய்கிறது, அழிவதில்லை. 60 டிகிரியில் அதன் தொடக்க வேகம் நிமிடத்துக்கு 40 அலகு, ஆனால் ஒவ்வொரு நிமிடமும் மீதியில் பாதி செத்துப் போகிறது. ஒரு நிமிடம் மட்டும் அளந்தால் 40 டிகிரியில் 10 அலகும் 60 டிகிரியில் சுமார் 29 அலகும் முடிந்திருக்கும். ஐந்து நிமிடத்தில் 50, 56 என்று ஏறக்குறைய சமமாகிவிடும். பத்து நிமிடத்தில் 40 டிகிரி 100 அலகை எட்டும். 60 டிகிரி 58 அலகைத் தாண்டாது, அதற்குள் நொதி தீர்ந்துவிட்டது.

அப்படியானால் உகந்த வெப்பநிலை எது? ஒரு நிமிடம் அளந்தவர் 60 என்பார், பத்து நிமிடம் அளந்தவர் 40 என்பார், இருவர் சொல்வதும் சரி. பாடப்புத்தக வரைபடத்தின் உச்சி நொதிக்குப் பிறவியிலேயே வந்த எண் போலத் தோன்றும். உண்மையில் எவ்வளவு நேரம் அளந்தார்கள் என்பதும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. நேரத்தைச் சொல்லாமல் உச்சியை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பது எனக்கு எப்போதும் நெருடல்தான். நொதிக்கு நொதி மாறும் என்பதும் உண்டு. ஸ்டார்ச்சிலிருந்து இனிப்புப் பாகு தயாரிக்கும் ஆலைகள் பயன்படுத்தும் சில பாக்டீரியா அமைலேஸ்கள் 90 டிகிரிக்கு மேலும் வேலை செய்யும்.

சோதனை செய்பவரை ஏமாற்றும் ஒரு விஷயமும் இந்த இடத்தில் உண்டு. ஸ்டார்ச்சும் அயோடினும் சேர்ந்து தரும் நீலம், சூட்டில் தானாகவே மறைந்துவிடும். 80 டிகிரிக் குழாயிலிருந்து எடுத்த சூடான துளியை அப்படியே அயோடினில் விட்டால் நீலம் மங்கலாகத் தெரியும் அல்லது தெரியாமலே போகும். நொதி செத்துக் கிடக்க, அது அபாரமாக வேலை செய்ததாகக் குறிப்பேட்டில் ஏறிவிடும். துளியை ஆறவிட்டுச் சோதிக்க வேண்டும். உமிழ்நீர் சேர்க்காத குழாய் ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும், அதிலும் நீலம் மறைந்தால் கோளாறு நிறத்தில்தான்.

அமிலத்தின் கதைக்கு வருவோம். பி.எச். என்ற அளவுகோலே நொதி ஆராய்ச்சியில் பிறந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுபான ஆலையின் பெயரில் இயங்கிய ஆய்வகத்தில் சோரன்சன் என்ற வேதியியலாளர், நொதிகளைப் பற்றி 1909இல் எழுதிய கட்டுரையில் அதை அறிமுகப்படுத்தினார். ஓர் எண் குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு கூடும். உமிழ்நீர் அமைலேஸுக்குப் பிடித்த 6.8லிருந்து 5க்கு இறங்கினால் அறுபது மடங்குக்கு மேல். இரைப்பையின் 2க்கு இறங்கினால் அறுபதாயிரம் மடங்குக்கு மேல்.

இந்த அயனிகள் முதலில் தாக்குவது மடிப்பை அல்ல. அமைலேஸின் கிளர்வு மையத்தில் மூன்று அமினோ அமிலங்கள் வெட்டும் வேலையைச் செய்கின்றன. 197ஆம், 300ஆம் இடங்களில் அஸ்பார்டிக் அமிலம், 233ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம். ஸ்டார்ச்சை வெட்ட, 233இல் உள்ளது ஒரு ஹைட்ரஜன் அயனியைக் கையில் வைத்திருந்து கொடுக்க வேண்டும். 197இல் உள்ளது வெறுங்கையோடு, எதிர்மின் சுமையோடு இருக்க வேண்டும். அமிலம் கூடினால் 197க்கும் ஹைட்ரஜன் வந்து ஒட்டிக்கொள்கிறது, அதன் மின்சுமை போய்விடுகிறது. காரம் கூடினால் 233 தன்னிடம் இருந்ததையும் இழந்துவிடுகிறது. இரண்டு நிபந்தனைகளும் ஒன்றாக நிறைவேறுவது நடுவில்தான். பி.எச். வரைபடம் மணி வடிவில் இருபுறமும் சரிவது இதனால்தான். உச்சிக்குச் சற்றுத் தள்ளியுள்ள இந்தப் பகுதியில் மடிப்பு குலையவே இல்லை.

இன்னும் கீழே, தீவிர அமிலத்தில், வேறொன்று நடக்கிறது. புரதத்தின் மேற்பரப்பில் எதிர்மின் சுமை தாங்கியிருந்த இடங்கள் எல்லாம் ஹைட்ரஜனை ஏற்று நடுநிலையாகிவிடுகின்றன. நேர்மின் சுமைகள் மட்டும் மிஞ்சி, ஒன்றையொன்று தள்ளுகின்றன. அமைலேஸை இறுக்கமாக வைத்திருக்கும் கால்சியம் அயனியும் பிடிப்பை விட்டு நழுவுகிறது. மடிப்பு அவிழ்கிறது. இயல்பிழத்தல் என்ற பதில் இந்த இடத்துக்குத்தான் பொருந்தும்.

எது எந்தச் சரிவு என்று கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நொதியைத் தாங்கல் கரைசலில் பழைய நிலைக்குக் கொண்டுவந்து மீண்டும் அளந்தால் போதும். பி.எச். 5இல் சிறிது நேரம் இருந்த உமிழ்நீரை 6.8க்குக் கொண்டுவந்தால் அது மறுபடி வேலை செய்யும். பி.எச். 2இல் கிடந்தது திரும்பாது. 5 டிகிரிக் குளிரில் இருந்தது திரும்பும், கொதிக்க வைத்தது திரும்பாது. எல்லாப் புரதங்களுக்கும் இது சட்டமல்ல. ரிபோநியூக்ளியேஸ் என்ற சிறு நொதி அவிழ்ந்த பிறகும் தானாகவே சரியாக மடிந்துகொள்ளும் என்று காட்டியதற்காக அன்ஃபின்சன் 1972இல் நோபல் பரிசு பெற்றார்.

தீவிரம் என்பதும் ஒவ்வொரு நொதிக்கும் வேறு. அமைலேஸைக் கொல்லும் இரைப்பை அமிலத்தில்தான் பெப்சின் உச்சத்தில் இருக்கிறது. அதன் மேற்பரப்பில் நேர்மின் சுமை ஏற்கும் இடங்கள் மிகக் குறைவு, அதனால் பி.எச். 2இல் தள்ளுவதற்கு அங்கே அதிகம் எதுவும் இல்லை. அது பயப்படுவது மறுபக்கத்துக்கு. பி.எச். 7இல் மனிதப் பெப்சின் வேலை செய்யாது. 8இலும் செய்யாது. வரைபடத்தில் இரண்டு புள்ளிகளும் சுழியில்தான் கிடக்கும். ஆனால் 8இல் அது நிரந்தரமாக அவிழ்ந்துவிட்டது, 7இல் மடிப்பு கலையாமல் சும்மா இருக்கிறது. இரைப்பை அமிலம் எதுக்களித்துத் தொண்டை வரை வரும் நோயாளிகளிடம் இந்த வேறுபாடு தொந்தரவாகிறது. மேலே வந்த அமிலத்தை உமிழ்நீர் தணித்துவிடும். அதோடு வந்த பெப்சின் தொண்டைச் சதையில் ஒட்டி, மணிக்கணக்கில் செயலற்றுக் கிடக்கும். அடுத்த முறை அமிலம் மேலே வரும்போது அதே பெப்சின் மறுபடியும் புரதத்தை வெட்டத் தொடங்கும், இந்த முறை தொண்டையின் புரதத்தை.