பரீட்சை மண்டபத்தில் கைத்தொலைபேசி: ஐந்து வருடத் தடை வரலாம்

அட்டன், நுவரெலியா தோட்டங்களிலிருந்து தூரத்துப் பரீட்சை நிலையத்துக்குப் போகும் பிள்ளையிடம் பெற்றோர் கைத்தொலைபேசி கொடுத்து விடுவதுண்டு. அது மண்டபத்துக்குள் போனால், நிறுத்தி வைத்திருந்தாலும் குற்றமே.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 2024 ஜனவரியில் உயர்தர விவசாய விஞ்ஞான வினாத்தாள் சமூக வலைத்தளங்களில் பரவியது. தவறு செய்யாத மாணவர்களும் பெப்ரவரி 1ஆம் திகதி மீண்டும் எழுத நேர்ந்தது.

தொலைபேசி பிடிபட்டால் மேற்பார்வையாளர் பரீட்சைத் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவிப்பார். விசாரணை முடியும்வரை பெறுபேறு நிறுத்தி வைக்கப்படலாம். குற்றம் உறுதியானால் பெறுபேறு இரத்தாகும். ஐந்து வருடங்கள்வரை பரீட்சைத் தடையும் வரலாம். ஆள்மாறாட்டம் என்றால் விடயம் பொலிசுக்கும் போகும்.

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் நடந்ததை உள்ளபடி எழுதி, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகங்களைத் திணைக்களத்தின் 1911 இலக்கத்தில் கேட்கலாம்.