ஆம்பூர் தோல் அடுக்கும் மெர்ஜ் சார்ட்டும்

போன எபிசோடுக்கு வந்த மெயில்ல பாதி பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "இன்சர்ஷன் சார்ட் புரியுது, மெர்ஜ் சார்ட் ஏன் வேகம்னு மட்டும் புரியலை." அதனால இன்னைக்கு அது மட்டும்தான்.

காலேஜ் முடிச்ச புதுசுல, ஆம்பூர் பக்கம் ஒரு தோல் யூனிட்டுக்கு நான் ஸ்டாக் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். ராணிப்பேட்டையில இருந்து வேலூர், ஆம்பூர், வாணியம்பாடின்னு நீளுற அந்தப் பட்டையில நீங்க பஸ்ல போயிருந்தா அந்த வாசனை தெரியும். (பிரியாணி வாசனையைச் சொல்லலை.) ஷூ மேல்பகுதிக்குப் போற ஆட்டுத் தோல் சதுர அடிக் கணக்குலதான் விலை போகும். பதப்படுத்தி முடிச்ச ஒவ்வொரு தோலையும் அளந்து, பின்பக்கம் அளவு போட்டுடுவாங்க. பேக்கிங் லிஸ்ட்ல தோல் எல்லாம் அளவு வரிசையில வரணும். அந்த வரிசைப்படுத்துற கோடை நானே இன்சர்ஷன் சார்ட்டா எழுதியிருந்தேன்.

500 தோல் வச்சு டெஸ்ட் பண்ணேன், கண் சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சுது. ஒரு நாள் 40,000 தோல் உள்ள ஆர்டர் வந்துச்சு. பக்கம் சுத்திக்கிட்டே இருந்து, 30 விநாடியில டைம் அவுட். லாரி வாசல்ல நிக்குது, லிஸ்ட் இல்லாம சரக்கு கிளம்பாது. திரும்பத் திரும்ப அமுக்கினேன், ஒவ்வொரு தடவையும் அதேதான். கடைசியில என் லேப்டாப்லயே ஓட்டி, 40 விநாடி காத்திருந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

தோல் 80 மடங்குதான் கூடுச்சு. நேரம் ஏன் 6,400 மடங்கு கூடணும்? 80-ஐ 80-ஆல பெருக்கிப் பாருங்க, அங்கதான் விஷயம் இருக்கு.

இன்சர்ஷன் சார்ட்னா, கையில சீட்டு அடுக்குற மாதிரி. புதுசா ஒரு தோலை எடுக்கிறோம், ஏற்கெனவே அடுக்கினதுல கடைசியில இருந்து ஒவ்வொண்ணா ஒப்பிட்டு, பெருசா இருந்தா நகர்த்தி, சரியான இடத்துல சொருகுறோம். சராசரியா அடுக்குல பாதி தூரம் நடக்க வேண்டியிருக்கும். அடுக்கு வளர வளர நடையும் நீளுது. எல்லாத்தையும் கூட்டினா சுமார் n²/4 ஒப்பீடு. 500 தோலுக்கு 62,500. 40,000 தோலுக்கு 40 கோடி!

மெர்ஜ் சார்ட் வேற மாதிரி வேலை செய்யும். குவியலை ரெண்டாப் பிரி, அதை மறுபடி ரெண்டாப் பிரி, ஒவ்வொரு தோலும் தனியா நிக்கிற வரைக்கும் பிரி. பிரிக்கிறப்போ எதையும் ஒப்பிடறதே இல்லை. உண்மையான வேலை சேர்க்கும்போதுதான். 8 தோலை வச்சுப் பார்ப்போம், அளவு சதுர அடியில:

5.25, 3.75, 6.00, 4.50, 4.25, 5.75, 3.50, 5.00

முதல்ல ஜோடி ஜோடியா: (3.75, 5.25), (4.50, 6.00), (4.25, 5.75), (3.50, 5.00). அடுத்து நாலு நாலா. இடது பக்கம் 3.75, 4.50, 5.25, 6.00 ஆகும். வலது பக்கம் 3.50, 4.25, 5.00, 5.75 ஆகும். இப்போ மேஜையில ரெண்டு அடுக்கு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் சின்னது மேல. மேல இருக்கிற ரெண்டை மட்டும் பாருங்க: 3.75, 3.50. சின்னதான 3.50-ஐ எடுத்து புது அடுக்குல வைங்க. அடுத்து 3.75-க்கும் 4.25-க்கும் போட்டி, 3.75 வரும். இப்படியே போனா 7 ஒப்பீட்டுல முழு அடுக்கும் தயார்.

அந்த முதல் ஒப்பீட்டை மறுபடி பாருங்க. 3.50, 3.75-ஐ விடச் சின்னதுன்னு தெரிஞ்ச உடனே, இடது அடுக்குல இருக்கிற மத்த மூணையும் பார்க்கவே வேண்டாம். அது ஏற்கெனவே வரிசையில இருக்கிறதால, ஒரே கேள்வியில நாலு தோலையும் தாண்டியாச்சு. இன்சர்ஷன் சார்ட்ல இதே 3.50 உள்ள நுழைய, முன்னாடி இருந்த 6 தோலையும் ஒவ்வொண்ணா நகர்த்தியாகணும். வேகத்துக்குக் காரணம் இந்தத் தாவல்தான்.

மொத்தம் எண்ணிப் பார்த்தா, மெர்ஜ் சார்ட்டுக்கு 17 ஒப்பீடு, இன்சர்ஷனுக்கு 21. இவ்வளவுதானா வித்தியாசம்னு தோணும். 8 தோலுக்கு இவ்வளவுதான். ஆனா 40,000-ஐ பாதி பாதியா வெட்டிக்கிட்டே போனா 16 தடவையில 1-க்கு வந்துடும். அதனால சேர்க்கிறதும் 16 சுற்றுதான். ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 40,000 ஒப்பீடு, ஆக மொத்தம் 6,40,000-க்குள்ள. அந்தப் பக்கம் 40 கோடி. தோல் 80,000 ஆனா மெர்ஜுக்கு இன்னும் ஒரே ஒரு சுற்றுதான் கூடும். இன்சர்ஷனுக்கு வேலை நாலு மடங்காகும்.

சேர்க்கிற கோடு இவ்வளவுதான்:

```python
def merge(a, b):
    out = []
    i = j = 0
    while i < len(a) and j < len(b):
        if a[i] <= b[j]:
            out.append(a[i])
            i += 1
        else:
            out.append(b[j])
            j += 1
    return out + a[i:] + b[j:]
```

அந்த `<=` மேல ஒரு கண் இருக்கட்டும். நான் மாத்தி எழுதினப்போ அங்க வெறும் `<` போட்டுட்டேன். அளவு வரிசை கச்சிதமா வந்துச்சு, எண்களைப் பார்த்து யாராலயும் தப்பு சொல்ல முடியாது. ஆனா செலக்‌ஷன் மேஜையில இருந்த ஒரு பாய் லிஸ்ட்டைப் பார்த்துட்டு, "தம்பி, ஒரே அளவு தோல்ல லாட் நம்பர் ஏன் கலைஞ்சிருக்கு?"ன்னு கேட்டார். பட்டியல் முதல்ல லாட் வரிசையில இருந்துச்சு. சம அளவு வந்தா இடது பக்கத்தை முதல்ல எடுத்தாதான் அந்தப் பழைய வரிசை நிக்கும். `<` போட்டா வலது பக்கம் முந்திக்கும். இதைக் கண்டுபிடிக்க அளவை மட்டும் சோதிச்சா போதாது, ஒரே அளவுள்ள ரெண்டு தோலை வேணும்னே உள்ள விட்டுப் பார்க்கணும்.

மெர்ஜுக்கு ஒரு செலவும் இருக்கு. புது அடுக்கு வைக்க இன்னொரு மேஜை வேணும், அதாவது கிட்டத்தட்ட அதே அளவு கூடுதல் மெமரி. இன்சர்ஷன் அதே மேஜையிலயே முடிச்சுடும். ஏற்கெனவே வரிசையா இருக்கிற பட்டியல்ல கடைசியா பத்து தோல் மட்டும் புதுசா சேர்ந்திருந்தா, இன்சர்ஷனே ஜெயிக்கும். வரிசையில இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஒப்பீடு, அந்தப் பத்துக்கு மட்டும்தான் நீண்ட நடை.

மெர்ஜ் சார்ட் 1945-ல ஜான் வான் நியூமன் எழுதினது. 2002-ல டிம் பீட்டர்ஸ் பைத்தானுக்காக எழுதின டிம்சார்ட் ரெண்டையும் கலந்தது. முதல்ல ஏற்கெனவே வரிசையா இருக்கிற துண்டுகளைத் தேடும். துண்டு ரொம்பச் சின்னதா இருந்தா இன்சர்ஷன் சார்ட்டால கொஞ்சம் வளர்த்து, அப்புறம் எல்லாத்தையும் மெர்ஜ் பண்ணும். சம அளவுகளோட பழைய வரிசையும் கலையாது. கடைசியில நான் எழுதினதை எல்லாம் அழிச்சுட்டு இந்த ஒரு வரியைத்தான் வச்சேன்:

```python
skins.sort(key=lambda s: s.area)
```

40,000 தோல், ஒரு விநாடி கூட ஆகலை. லாட் நம்பரும் கலையலை. பாய்கிட்ட பிரிண்ட்டைக் கொடுத்தேன், ரெண்டு பக்கம் புரட்டிப் பார்த்துட்டு லாரிக்கு அனுப்பிட்டார்.