குவானினுக்காகக் காத்திருக்கும் ஆர்.என்.ஏ.

ஆர்.என்.ஏ. இழை தானாகவே அறுந்துபோகும் இயல்புடையது. அதை வெட்ட நொதி எதுவும் வேண்டியதில்லை. சற்றே காரத்தன்மையுள்ள நீரில், கொஞ்சம் மெக்னீசியம் உப்போடு, 25 டிகிரி செல்சியஸில் சுமார் 40 மணி நேரம் விட்டுவைத்தால் போதும்; இழையில் ஆங்காங்கே முறிவுகள் விழுந்திருக்கும். ஆர்.என்.ஏ.வோடு வேலை செய்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கரின் ஆய்வுக்குழு இந்தத் தொல்லையையே அளவுகோலாக மாற்றிக்கொண்டது.

முறிவு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் விழுவதில்லை. இழை தளர்ந்து கிடக்கும் இடத்தில் அணுக்கள் அப்படியும் இப்படியும் ஆடுகின்றன. முறிவுக்கு மூன்று அணுக்கள் ஒரே கோட்டில் வந்து நிற்க வேண்டும். ஆட்டத்தில் எப்போதாவது அப்படி வந்துவிடும். இறுக மடிந்த இடத்தில் அந்த ஆட்டம் இல்லை, அதனால் முறிவும் அரிது. இழையின் ஒரு நுனியில் கதிரியக்கப் பாஸ்பரஸை அடையாளமாக வைத்து, 40 மணி நேரம் கழித்துத் துண்டுகளை ஜெல்லில் ஓடவிட்டால், நீளவாரியாகக் கறுப்புப் பட்டைகள் தெரியும். பட்டை கறுத்திருந்தால் அந்த இடம் தளர்வு, வெளிறியிருந்தால் இறுக்கம்.

2003-இல் இந்தக் குழு பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ. துண்டு ஒன்றை இப்படிச் சோதித்தது. ஒரு குழாயில் ஆர்.என்.ஏ. மட்டும், இன்னொன்றில் அதோடு துளி குவானின். இரண்டாவது குழாயின் ஜெல்லில் சில பட்டைகள் வெளிறிப்போயிருந்தன. புரதம் எதுவும் குழாயில் இல்லை. குவானினைக் கண்டதும் அந்த ஆர்.என்.ஏ. தானே இறுகிக்கொண்டது.

இது ஏன் பெரிய செய்தி என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. ஒரு பொருள் போதுமான அளவு சேர்ந்ததும் அதைத் தயாரிக்கும் மரபணுவைச் செல் அணைத்துவிடும் என்பது பழைய செய்தி. அந்தப் பொருளின் அளவை உணர்ந்து சுவிட்சைத் தட்டுவது ஒரு புரதம் என்பதும் பல மரபணுக்களில் நிரூபணமாகியிருந்தது. ஆனால் தயமின், ரைபோஃபிளேவின், பி12 போன்ற வைட்டமின்களின் மரபணுக்களில் அப்படியொரு புரதம் தேடித் தேடியும் அகப்படவில்லை. அகப்பட்டதெல்லாம், அம்மரபணுக்களின் தூதுவ ஆர்.என்.ஏ.வின் தொடக்கத்தில், புரதமாக மாறாத ஒரு பகுதி, தூரத்துச் சொந்தமான பாக்டீரியாக்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது என்பதுதான். 2002-இல் பிரேக்கரின் குழுவும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் எவ்கேனி நுட்லரின் குழுவும் விடையைக் காட்டின: உணர்வதும் தட்டுவதும் அந்தத் தொடக்கப் பகுதியேதான். அதற்கு ரைபோசுவிட்ச் என்று பெயர் வந்தது.

குவானினுக்கே திரும்புவோம், ஏனென்றால் சுவிட்ச் வேலை செய்யும் விதம் இங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. இது காவல் காக்கும் மரபணுக்களில் ஒன்று சாந்தைன் என்ற பொருளைச் செல்லுக்குள் இழுக்கும் வாயிலைக் கட்டுகிறது. மற்றது அந்தச் சாந்தைனைச் செல் பயன்படுத்தும் வடிவுக்கு மாற்றும் நொதியைக் கட்டுகிறது. குவானின் நிறைய இருந்தால் இரண்டும் தேவையில்லை.

பாலிமரேஸ் என்ற நொதி டி.என்.ஏ.வின் மேல் நகர்ந்துகொண்டே ஆர்.என்.ஏ. இழையை எழுதுகிறது. இழை அதன் பின்பக்கமாக வெளிவரும்போதே மடியத் தொடங்குகிறது. ஜியும் சியும் சேரும், ஏயும் யூவும் சேரும். இழையின் ஒரு பகுதி சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொரு பகுதியோடு இப்படிச் சேர்ந்தால், நடுவில் கொண்டை ஊசி போல ஒரு வளைவு உண்டாகும். மலைச்சாலையில் பார்க்கிற அதே வளைவுதான்.

இந்தக் கதையில் நான்கு துண்டுகள் முக்கியம். அவை வெளிவரும் வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றும் இரண்டும் சேர முடியும். மூன்றும் நான்கும் சேர முடியும். சிக்கல் எங்கே என்றால், இரண்டும் மூன்றும்கூடச் சேர முடியும்! இரண்டாம் துண்டுக்கு இரு பக்கமும் உறவு உண்டு. ஒரே நேரத்தில் ஒருவர் கையைத்தான் அது பிடிக்கலாம்.

குவானின் இல்லாதபோது ஒன்றாம் துண்டோடு உள்ள பிடிப்பு தளர்வானது. மூன்றாம் துண்டு வெளிவந்ததும் இரண்டு அதன் பக்கம் போய்விடுகிறது. நான்காவது துணையின்றித் தனித்து நிற்கிறது, பாலிமரேஸ் தடையில்லாமல் மரபணுவுக்குள் நகர்கிறது. சுவிட்ச் போட்டிருக்கிறது.

குவானின் வந்து ஒட்டினால், ஒன்றும் இரண்டும் சேர்ந்த தண்டு உறுதியாகிவிடுகிறது. இரண்டாவது இனி நகராது. தனித்துப்போன மூன்று, நான்கோடு சேர்ந்து இறுக்கமான கொண்டை ஊசி வளைவை உண்டாக்குகிறது. அந்த வளைவை அடுத்து வரிசையாகச் சில யூ எழுத்துகள் வரும்படி டி.என்.ஏ.வில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. டி.என்.ஏ.வோடு யூவின் பிடிப்பு மிகவும் பலவீனமானது. ஒரு பக்கம் வளைவு இழுக்க, மறுபக்கம் பிடிப்பு நழுவ, பாலிமரேஸ் டி.என்.ஏ.விலிருந்து கழன்றுவிடுகிறது. மரபணு தொடங்குவதற்கு முன்பே வாசிப்பு நின்றுபோகிறது.

இனி, அந்த ஆர்.என்.ஏ. குவானினை எப்படி அடையாளம் காண்கிறது என்ற கேள்வி. 2004-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பேட்டியின் குழு, குவானினின் நெருங்கிய உறவான ஹைப்போசாந்தைன் ஒட்டிய நிலையில் இந்த ஆர்.என்.ஏ.வைப் படிகமாக்கி அதன் வடிவத்தைக் கண்டது. மூன்று தண்டுகள் ஒரு மூலையில் சந்திக்கின்றன. அவற்றில் இரண்டு, சேர்த்து நீட்டிய இரு விரல்களைப் போலப் பக்கவாட்டில் நின்று, நுனிகளைக் கோத்துக்கொண்டிருக்கின்றன. மூன்றாவது, நாம் பார்த்த ஒன்று-இரண்டு தண்டு. மூலையின் நடுவில் உள்ள குழிக்குள் அந்தச் சிறு மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறது. ஏறத்தாழ முழுக்க மூடப்பட்டு, வெளியிலிருந்து எட்டாதபடி. திறந்த குழிக்குள் நுழைந்து, பின் ஆர்.என்.ஏ. அதைச் சுற்றி மூடிக்கொண்டால்தான் இப்படி ஆக முடியும். அந்த மூடல்தான் தண்டை உறுதியாக்குகிறது.

குழிக்குள் 74-ஆவது எழுத்து ஒரு சி. குவானின் என்பது ஆர்.என்.ஏ. எழுத்தான ஜியின் காரமேதான். அதனால் உள்ளே வந்த குவானின், இழையின் சொந்த எழுத்தைப் போலவே அந்தச் சியோடு சேர்ந்துகொள்கிறது! எழுத்துகள் தங்களுக்குள் சேரும் அதே பழைய விதியால் வெளியாள் ஒருவரை ஆர்.என்.ஏ. அடையாளம் காண்கிறது. இந்த எளிமை வியக்கவைக்கிறது.

இது உண்மைதானா என்று சோதிக்கும் வழியும் அதே விதியில் இருக்கிறது. அந்தச் சியை மட்டும் யூவாக மாற்றினால் என்ன ஆகும்? யூவின் துணை ஏ. அப்படியானால் குழி குவானினை விட்டுவிட்டு அடினினைப் பிடிக்க வேண்டும். மாற்றிப் பார்த்தார்கள், அப்படியே பிடித்தது. இந்த மாற்றம் இயற்கையிலேயே இருக்கிறது. அதே பேசில்லஸில் இன்னொரு மரபணுவின் முன்னால் ஏறக்குறைய அதே வடிவிலான ஆர்.என்.ஏ. இருக்கிறது, அந்த இடத்தில் யூவோடு. அது அடினினைப் பிடிக்கிறது. அது காக்கும் மரபணு, மிஞ்சிய பொருளைச் செல்லுக்கு வெளியே தள்ளும் பம்பைக் கட்டுகிறது. எனவே வேலையும் நேர் எதிர்: அடினின் வந்தால் மரபணு திறக்கிறது. இங்கே இரண்டாம் துண்டு, வாசிப்பை நிறுத்தும் வளைவுக்கே தேவையான ஒன்று. அடினின் அதைத் தண்டில் பிடித்துவைத்தால் வளைவு உருவாவதில்லை.

குழாயில் பார்ப்பதற்கும் செல்லில் நடப்பதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதைக் கவனிக்காமல் விட்டால் கணக்கு தவறிவிடும். குழாயில் குவானின் மிகமிகக் குறைந்த செறிவிலேயே, 5 நானோமோலார் அளவிலேயே ஒட்டிவிடுகிறது. ஆனால் குழாய்க்கு 40 மணி நேரம் இருந்தது. செல்லில் பாலிமரேஸ் நொடிக்குச் சில பத்து எழுத்துகள் என்ற வேகத்தில் எழுதிப் போகிறது. குழி உருவாகி முடிவதற்கும் அந்த வளைவைப் பாலிமரேஸ் தாண்டுவதற்கும் இடையே உள்ள அவகாசம் நொடிக்கணக்கில்தான். தாண்டிய பிறகு குவானின் வந்து ஒட்டினாலும் அந்தப் பிரதிக்குப் பயனில்லை. மரபணு வாசிக்கப்படத் தொடங்கியிருக்கும்.

எஃப்.எம்.என். என்ற ரைபோஃபிளேவின் உறவுப் பொருளை உணரும் சுவிட்சில் யேல் குழு 2005-இல் இதை அளந்து பார்த்தது. ஒட்டலும் விடலும் சமநிலைக்கு வர நிமிடங்கள் ஆகும். பாலிமரேஸ் அவ்வளவு நேரம் தருவதில்லை. அந்தக் குறுகிய அவகாசத்துக்குள் ஒட்ட வேண்டுமானால், குழாயில் தேவைப்பட்டதைவிடப் பல மடங்கு அதிகச் செறிவு வேண்டும். இந்தச் சுவிட்ச் அளப்பது சமநிலையை அல்ல, வேகத்தை. பாலிமரேஸ் நடுவில் சற்றே தயங்கி நிற்கும் இடங்கள் இருப்பதும் அப்போது தெரிந்தது. அந்தத் தயக்கம் எஃப்.எம்.என்.னுக்குக் கூடுதல் நேரம் வாங்கித் தருகிறது. பாலிமரேஸை வேகமாக ஓடவைத்தால், அதே ஆர்.என்.ஏ.வுக்கே இன்னும் அதிக எஃப்.எம்.என். தேவைப்படும்.

இதே எஃப்.எம்.என். சுவிட்சை மருந்தால் ஏமாற்ற முடியும் என்று 2015-இல் மெர்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஏறத்தாழ 57,000 செயற்கைச் சேர்மங்களை ஈ.கோலை பாக்டீரியாவுக்குக் கொடுத்து, வளர்ச்சியை நிறுத்துகிற, ஆனால் ரைபோஃபிளேவினையும் சேர்த்துக் கொடுத்தால் நிறுத்தாத சேர்மத்தைத் தேடினார்கள். அப்படிக் கிடைத்ததற்கு ரைபோசில் என்று பெயரிட்டார்கள். ரைபோசில் குழிக்குள் உட்கார்ந்ததும், எஃப்.எம்.என். நிறைய இருப்பதாகச் சுவிட்ச் எடுத்துக்கொள்கிறது. ரைபோஃபிளேவின் தயாரிப்பு நிற்கிறது, பாக்டீரியா பட்டினியில் வீழ்கிறது. அதன் மேம்பட்ட வடிவம் ஒன்று எலியில் நோய்த்தொற்றையும் குறைத்தது.

ரைபோசில் எங்கே ஒட்டுகிறது என்பதை அவர்கள் கண்டுகொண்ட வழி கவனிக்கத்தக்கது. மருந்துக்குத் தப்பிப் பிழைத்த பாக்டீரியாக்களைத் தனியே வளர்த்து, அவற்றின் டி.என்.ஏ. முழுவதையும் வாசித்தார்கள். மாற்றங்கள் எந்தப் புரதத்தின் மரபணுவிலும் இல்லை. ரைபோஃபிளேவின் மரபணுவுக்கு முன்னால் உள்ள எஃப்.எம்.என். சுவிட்சில் இருந்தன. அதிலிருந்தே மருந்தின் இலக்கு ஆர்.என்.ஏ. என்பது உறுதியானது. மருந்தின் பலவீனமும் அதே சோதனையில் வெளிப்பட்டது: குழியில் ஒரு சிறு மாற்றம் போதும், பாக்டீரியா தப்பித்துக்கொள்ளும்.