புதுப் பங்கு: யாருக்குக் கிடைக்கிறது, எப்போது கிடைக்கிறது

2023 நவம்பர் 22, 23, 24 ஆகிய மூன்று நாள்களில் ஒரே நிறுவனத்தின் பங்கைக் கேட்டு 73 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. டிசிஎஸ்ஸுக்குப் பிறகு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து டாடா குழுமத்திலிருந்து வந்த ஐபிஓ அது: டாடா டெக்னாலஜீஸ். விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 2022 மே மாதம், எல்ஐசி ஐபிஓ வந்தது. அதில் பங்கு கிடைப்பது இவ்வளவு கடினமாக இல்லை. கிடைத்தவர்கள்தான் பட்டியலான அன்று முகம் சுளித்தார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐபிஓ என்னும் ஏற்பாடு நன்றாகப் புரியும்.

முதலில் ஒரு கேள்வி. நாம் கொடுக்கும் பணம் யாருக்குப் போகிறது? நிறுவனம் புதிதாகப் பங்குகளை உருவாக்கி விற்றால் பணம் நிறுவனத்துக்கு வரும். தொழிற்சாலை கட்டலாம், கடன் அடைக்கலாம். ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்கள் தங்கள் பங்கை விற்றால் பணம் அவர்கள் பைக்குப் போகும். நிறுவனத்துக்கு ஒரு பைசா வராது. டாடா டெக்னாலஜீஸ் முழுக்க இரண்டாவது வகை. சுமார் 3,042 கோடி ரூபாய், விற்ற டாடா மோட்டார்ஸுக்கும் இரண்டு முதலீட்டு நிதிகளுக்கும் போனது. எல்ஐசியும் அப்படித்தான், 3.5 சதவீதப் பங்கை விற்ற மத்திய அரசுக்கு 20,500 கோடி ரூபாய்க்கு மேல் கிடைத்தது. இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ‘நிறுவனம் வளரப் பணம் கொடுக்கிறேன்’ என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பிக்கிறவர், செபியிடம் தாக்கல் செய்த ஆவணத்தில் இந்த ஒரு விவரத்தையாவது பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது விலை வரம்பு. டாடா டெக்னாலஜீஸுக்கு 475 முதல் 500 ரூபாய். எல்ஐசிக்கு 902 முதல் 949. மேல் விலை கீழ் விலையைவிட 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பழைய விதி. குறைந்தது 5 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது 2022 தொடக்கத்தில் சேர்ந்த விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 475இல் 5 சதவீதம் கூட்டினால் 498.75, 902இல் கூட்டினால் 947.10. இரண்டு நிறுவனங்களும் விதி கேட்ட இடைவெளியை மட்டும் விட்டுவிட்டு நின்றுகொண்டன. அதற்கு முன்பு, 2021 நவம்பரில் வந்த பேடிஎம் ஐபிஓவின் வரம்பு 2,080 முதல் 2,150; இடைவெளி மூன்றரை சதவீதம்கூட இல்லை. முதலீட்டாளர்கள் ஏலம் கேட்டு விலையைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் விலையை நிறுவனமும் அதன் மெர்ச்சன்ட் பேங்கர்களும் பெரிய முதலீட்டாளர்களிடம் பேசி முன்கூட்டியே ஒருவாறு முடிவு செய்துவிடுகிறார்கள். கூட்டம் இருந்தால் மேல் விலையேதான் இறுதி விலை. மேலே சொன்ன மூன்றிலும் அப்படித்தான் ஆனது.

அதனால்தான் சிறு முதலீட்டாளர்களுக்கு ‘கட்-ஆஃப்’ என்றொரு வசதி உண்டு. எந்த விலை முடிவானாலும் சரி, எனக்குச் சம்மதம் என்பது அதன் பொருள். இதைத் தேர்ந்தெடுக்காமல் சிக்கனமாக 480 என்று போட்டிருந்தால், இறுதி விலை 500 ஆனதும் அந்த விண்ணப்பம் கணக்கிலேயே வந்திருக்காது.

விண்ணப்பம் ‘லாட்’ கணக்கில் போகும். டாடா டெக்னாலஜீஸில் ஒரு லாட் 30 பங்கு, அதாவது 15,000 ரூபாய். இரண்டு லட்சம் ரூபாய் வரை கேட்பவர் சிறு முதலீட்டாளர் என்பதால் அவர் அதிகபட்சம் 13 லாட் கேட்கலாம். பணம் உடனே கையைவிட்டுப் போகாது. நம் வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும்; சேமிப்புக் கணக்கு வட்டியும் தொடரும். பங்கு ஒதுக்கினால்தான் எடுப்பார்கள், இல்லையென்றால் முடக்கத்தை நீக்குவார்கள். புரோக்கர் செயலி வழியாக விண்ணப்பிக்கிறவர்கள் தவறவிடுவது இந்த இடத்தில்தான். விண்ணப்பம் அனுப்பியதும் யுபிஐ செயலிக்கு ஒப்புதல் கேட்டு ஒரு கோரிக்கை வரும். கடைசி நாள் மாலை 5 மணிக்குள் அதை ஏற்காவிட்டால் விண்ணப்பம் செல்லாது. மனைவியின் டீமேட் கணக்குக்குக் கணவரின் யுபிஐ ஐடியைக் கொடுத்தாலும் தள்ளுபடிதான். பணம் விண்ணப்பதாரர் பெயரிலுள்ள கணக்கிலிருந்தே வர வேண்டும். ஒரே பான் எண்ணில் ஒரே பிரிவில் இரண்டு விண்ணப்பம் போட்டால் அதுவும் தள்ளுபடிக்குள் கொண்டுபோய் விடும்.

இனி ஒதுக்கீடு. நல்ல லாபக் கணக்குள்ள நிறுவனம் என்றால், மியூச்சுவல் ஃபண்டு, வெளிநாட்டு நிதி போன்ற பெரிய நிறுவனங்களுக்குப் பாதி வரை, இரண்டு லட்சத்துக்கு மேல் போடும் வசதியானவர்களுக்குக் குறைந்தது 15 சதவீதம், சிறு முதலீட்டாளர்களுக்குக் குறைந்தது 35 சதவீதம் என்று பங்குகள் பிரியும். டாடா டெக்னாலஜீஸில் சிறு முதலீட்டாளர் பங்குக்கு 16.5 மடங்கு கேட்பு வந்தது என்று செய்தி வந்தது. உடனே பலரும் ‘பதினாறில் ஒருவருக்குத்தான் கிடைக்கும்’ என்று கணக்குப் போட்டார்கள். அது தப்புக் கணக்கு.

அந்தப் பிரிவுக்கு இருந்தவை சுமார் 1.85 கோடிப் பங்குகள். ஒரு லாட்டுக்கு 30 என்று வகுத்தால் 6.15 லட்சம் லாட். விண்ணப்பித்தவர்கள் இதைவிட அதிகம் என்றால் விதி தெளிவானது: ஒருவருக்கு ஒரே ஒரு லாட், அதையும் கணினிக் குலுக்கலில் தேர்ந்தெடுக்க வேண்டும். 13 லாட் கேட்டு 1,95,000 ரூபாயை முடக்கியவருக்கும், ஒரு லாட் கேட்டவருக்கும் வாய்ப்பு ஒன்றேதான். 16.5 மடங்கு என்பது கேட்கப்பட்ட பங்குகளின் எண்ணிக்கை. பல லாட் கேட்டவர்கள் அதை ஊதிப் பெருக்கிவிடுகிறார்கள். எல்லாப் பிரிவுகளும் சேர்ந்தே 73 லட்சம் விண்ணப்பம் என்னும்போது, அத்தனையும் சிறு முதலீட்டாளர்களுடையவை என்று வைத்துக்கொண்டாலும் வாய்ப்பு பன்னிரண்டில் ஒன்று. உண்மையில் அதைவிடச் சற்று மேல்தான். ஆக, மடங்கைப் பார்த்து மனம் தளர வேண்டாம். விண்ணப்பங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். வீட்டில் நான்கு பேருக்குத் தனித்தனியே பான், டீமேட், வங்கிக் கணக்கு இருந்தால், ஒருவர் நான்கு லாட் கேட்பதைவிட நால்வரும் ஒவ்வொரு லாட் கேட்பதே கணக்குக்குச் சரி.

பட்டியலாகும் நாள் காலை 9 மணிக்குத் தொடங்குகிறது. முதல் ஒரு மணி நேரம் தனி அமர்வு. அதில் வாங்குவோரும் விற்போரும் தாங்கள் விரும்பும் விலையைப் பதிவு செய்வார்கள். எந்த விலையில் மிக அதிகப் பங்குகள் கைமாற முடியுமோ அதுவே தொடக்க விலை. 10 மணிக்கு வழக்கமான வணிகம் தொடங்கும். நவம்பர் 30 அன்று டாடா டெக்னாலஜீஸ் தேசியப் பங்குச் சந்தையில் 1,200 ரூபாயில் திறந்தது. ஒரு லாட் வைத்திருந்தவருக்கு அந்த நொடியில் 21,000 ரூபாய் லாபம். விற்றவர்கள் தரப்பிலிருந்து பார்த்தால் கதை வேறு. 1,200 கொடுக்கத் தயாராக இருந்த சந்தைக்கு 500க்கு விற்றதில், ஆறு கோடிப் பங்குக்கு ஏறத்தாழ 4,200 கோடி ரூபாயை அவர்கள் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

எல்ஐசிக்கு வருவோம். சிறு முதலீட்டாளர் பிரிவில் கேட்பு 1.99 மடங்கு மட்டுமே. பாலிசிதாரர்களுக்கு ஒதுக்கிய பகுதியில் ஆறு மடங்கு. சிறு முதலீட்டாளர்களுக்கு 45 ரூபாய் தள்ளுபடி போக விலை 904, பாலிசிதாரர்களுக்கு 60 ரூபாய் போக 889. மே 17 அன்று திறந்த விலை 872. தள்ளுபடி வாங்கியவர்களுக்கும் நட்டம். ஒரு லாட் 15 பங்கு என்பதால் சிறு முதலீட்டாளருக்கு 480 ரூபாய் போனது; தொகை சிறிதுதான். பேடிஎம் இவ்வளவு இரக்கம் காட்டவில்லை. சிறு முதலீட்டாளர் பிரிவில் இரண்டு மடங்குகூடக் கேட்பு வராத அந்தப் பங்கு 2,150க்குக் கொடுக்கப்பட்டு, முதல் நாள் 1,564 ரூபாயில் முடிந்தது. ஆறு பங்குள்ள ஒரு லாட்டுக்கு 3,500 ரூபாய் காணாமல் போனது.

இதை 1986இலேயே கெவின் ராக் என்னும் பொருளியலாளர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கிவிட்டார். விவரம் தெரிந்த பெரிய முதலீட்டாளர்கள் நல்ல ஐபிஓவுக்கு மட்டும் முண்டியடிப்பார்கள். அதில் நமக்குக் கிடைப்பது துளி. மோசமானதில் அவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அதில் நாம் கேட்டது நமக்கு முழுதாகக் கிடைத்துவிடும். டாடா டெக்னாலஜீஸின் 21,000 ரூபாயைப் பன்னிரண்டில் ஒன்று என்னும் வாய்ப்பால் பெருக்கினால் ஒரு விண்ணப்பத்தின் மதிப்பு 1,750 ரூபாய். பேடிஎம்மில் பங்கு கிடைத்தவரின் 3,500 நட்டம் அதைப் போல இரண்டு மடங்கு. ‘இந்த ஆண்டு ஐபிஓக்கள் சராசரியாக இத்தனை சதவீதம் ஏறின’ என்று வரும் செய்திகளில் இந்த எடை சேர்க்கப்படுவதில்லை.

ஆகவே சிறு முதலீட்டாளர் பார்க்க வேண்டிய எண், தன் பிரிவின் எண் அல்ல; பெரிய நிறுவனங்களின் எண். அவர்கள் பெரும்பாலும் கடைசி நாள் பிற்பகலில்தான் வருவார்கள். டாடா டெக்னாலஜீஸில் அந்தப் பிரிவு 203 மடங்கு நிரம்பியது. எல்ஐசியில் மூன்று மடங்குகூட இல்லை. இது உத்தரவாதம் அல்ல, ஆனால் கிரே மார்க்கெட் பிரீமியம் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் எண்ணைவிட மேல். அது சட்டத்துக்கு வெளியே, பெயர் தெரியாத சிலர் கைப்பேச்சில் நடத்தும் வணிகம். சரிபார்க்க எந்த வழியும் இல்லை.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு: ஒதுக்கீட்டில் ஏமாந்து, முதல் நாளே சந்தையில் வாங்கியவர்கள். அன்று டாடா டெக்னாலஜீஸ் 1,400 வரை போய் 1,300க்கு மேல் முடிந்தது. 2025இல் அதே பங்கு 700 ரூபாயை ஒட்டி நடமாடியது. 500க்குப் பெற்றவர் அப்போதும் லாபத்தில்தான் இருந்தார். 1,300 கொடுத்தவர் பணத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்திருந்தார். எல்ஐசியோ நேர்மாறாக, 2024 தொடக்கத்தில் 949ஐத் தாண்டியது. முதல் நாள் விலையில் வாங்கப் போகிறவர் நாள்காட்டியில் இரண்டு தேதிகளைக் குறித்துவைக்கலாம். ஐபிஓ திறப்பதற்கு முந்தைய நாளே பங்கு பெறும் ‘ஆங்கர்’ முதலீட்டாளர்கள், தங்கள் பங்கில் பாதியை ஒதுக்கீட்டிலிருந்து 30 நாள்களுக்கும் மீதியை 90 நாள்களுக்கும் விற்க முடியாது. டாடா டெக்னாலஜீஸில் அப்படி 791 கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தார்கள். அந்தத் தடை நீங்கும் நாள்களில் விற்பனைக்கு வரக்கூடிய பங்குகளின் எண்ணிக்கை திடீரென்று கூடும்.